உயரக் கட்டத்தில் இரண்டு

ஒரு வீட்டின் பேஸ்மட்ட உயரத்தை நான் தப்பாக எடுத்தேன். நாலடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டடி என்று எழுதினேன். தப்பு தெரிந்த பிறகும் பழியை மேஸ்திரி மேல் போட்டேன். முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது கோழைத்தனம். இரண்டையும் கணக்கோடு எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்களுக்கு எண்கள் முழுசாகத் தெரிய வேண்டும்.

அப்போது நான் ஒரு சின்ன கட்டுமான அலுவலகத்தில் எஸ்டிமேட் போடும் வேலையில் இருந்தேன். டிராயிங் வரும். அதைப் பார்த்துக் குவான்டிட்டி எடுக்க வேண்டும். எத்தனை கன அடி மண் தோண்டணும், எத்தனை கன அடி செங்கல் கட்டு, எத்தனை சதுர அடி பூச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்து, பி.ஓ.க்யூ. என்று நாங்கள் சொல்லும் அளவுப் பட்டியலைத் தயார் செய்ய வேண்டும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கட்டுபவர் விலை சொல்வார், வீட்டுக்காரர் கடன் வாங்குவார்.

இந்த வீட்டுக்காரர் மின்வாரியத்தில் லைன்மேன். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம்தான் மீதி. மேஸ்திரி பொருளும் கூலியும் சேர்த்து மொத்தக் கான்ட்ராக்டாக எடுத்துக்கொண்டார். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரேட் பேசியிருந்தால், கட்டி முடித்த பிறகு திரும்ப அளந்து, அளந்ததற்குப் பணம் வாங்கிக்கொள்ளலாம். பட்டியலில் அளவு குறைந்திருந்தாலும் அங்கே சரியாகிவிடும். மொத்தக் கான்ட்ராக்டில் அப்படி இல்லை. பட்டியலில் நான் எதை விட்டேனோ அது கட்டுபவர் தலையில் விழும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பட்டியலைக் கொடுத்தேன்.

டிராயிங்கில் இருந்த வீடு எளிமையானது. ஒரே தளம். சுவரெல்லாம் 9 அங்குலச் செங்கல் கட்டு, அடியில் கருங்கல் அஸ்திவாரம். சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு அளந்தால் 30 அடிக்கு 24 அடி. நடுவே 24 அடிக்கு ஒரு குறுக்குச் சுவர் வீட்டை இரண்டாகப் பிரிக்கும். ஒரு பக்கம் 14 அடி அகலம், அதில் ஒரு சுவர் வைத்து இரண்டு படுக்கையறை. இன்னொரு பக்கம் 16 அடி அகலம், அதில் ஒரு சுவர் வைத்து ஹாலும் சமையலறையும்.

குவான்டிட்டி எடுப்பதில் முதல் வேலை சுவரின் நீளம். நடுக்கோட்டு முறையில் எடுத்தேன். வெளிச்சுவர் நாலும் சேர்த்து 108 அடி. உள்சுவர் 24, 14, 16 சேர்த்து 54. மொத்தம் 162 அடி. இந்த 162-ஐ அப்படியே அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கக் கூடாது. புதுசாக வருபவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது. மூலையில் இரண்டு சுவர் சேரும்போது கழிக்க ஒன்றுமில்லை. ஒரு பக்கம் கூடுவதும் இன்னொரு பக்கம் குறைவதும் சரியாகிவிடும். ஆனால் ஒரு சுவரின் நடுவில் இன்னொரு சுவர் வந்து முட்டினால், முட்டுகிற சுவரின் நடுக்கோடு மற்றச் சுவரின் பாதி அகலத்துக்குள் போய் நிற்கிறது. அந்தப் பாதி இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு முட்டுக்கும் பாதி அகலத்தைக் கழிக்க வேண்டும். இந்த வீட்டில் மூன்று உள்சுவர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஆக ஆறு முட்டு. ஆறு பாதி என்றால் மூன்று முழு அகலம்.

அகலம் எது என்பதும் ஒவ்வொரு அடுக்குக்கும் மாறும். வானம் தோண்டுவது 3 அடி அகலம். அப்போது நீளம் 162-ல் 9 போக 153 அடி. அதன் மேல் வரும் கருங்கல் கட்டு 2 அடி அகலம். அங்கே 6 போக 156 அடி. பேஸ்மட்டச் செங்கல் கட்டு பதிமூன்றரை அங்குலம், அதாவது 1.125 அடி. அங்கே 158.625 அடி. ஒரே வீடு, ஒரே சுவர். ஆனால் மேலே போகப் போக நீளம் கூடிக்கொண்டே வரும். அங்குலத்தைத் தசமமாக்கும்போதும் கவனம் வேண்டும். 9 அங்குலம் என்பது 0.75 அடி. 0.9 என்று கால்குலேட்டரில் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு இதிலெல்லாம் தப்பு வராது. வரவில்லை. 153-ஐ இன்னொரு வழியிலும் போட்டுச் சரிபார்த்தேன். நெடுஞ்சுவரை வெளியிலிருந்து வெளிக்கும், குறுஞ்சுவரை உள்ளிலிருந்து உள்ளுக்கும் அளக்கும் பழைய முறை. வானத்தின் நெடும்பக்கம் 33 அடி, இரண்டுக்கு 66. குறும்பக்கம் 21 அடி, இரண்டுக்கு 42. குறுக்குச் சுவருக்கு 21. மற்ற இரண்டு உள்சுவருக்கும் 11, 13. கூட்டினால் 153. இரண்டு வழியிலும் ஒரே விடை. அந்த விடையின் அடியில் இரண்டு கோடு இழுத்தேன். கர்வத்தோடு இழுத்தேன்.

வானம் 3 அடி ஆழம். 153-ஐ 3-ஆலும் மறுபடி 3-ஆலும் பெருக்கினால் 1377 கன அடி மண். அடியில் அரை அடி கான்கிரீட், 229.5 கன அடி. அதன் மேல் இரண்டரை அடி உயரத்துக்குக் கருங்கல் கட்டு, 780 கன அடி. இரண்டும் சேர்ந்து 1009.5 கன அடி மண்ணின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தோண்டியதில் மீதி 367.5 கன அடி பக்கவாட்டில் திரும்ப வானத்துக்கே போய்விடும். வெளியே நிற்பது 1009.5.

அடுத்து பேஸ்மட்டம். இங்கேதான் நடந்தது.

அளவுத் தாளில் ஒவ்வொரு வரியிலும் ஒரே மாதிரிக் கட்டங்கள் இருக்கும். எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், அளவு. எண்ணிக்கை ஒன்று. நீளம் 158.625. அகலம் 1.125. உயரக் கட்டத்துக்கு வந்ததும் வெட்டுத்தோற்றத்தைப் பார்த்தேன். தரைக் கோடு ஒன்று இருந்தது. அதிலிருந்து பேஸ்மட்டத்தின் மேல்மட்டம் வரை 2'-0" என்று அம்புக்குறி போட்டிருந்தது. 2 என்று எழுதினேன். பெருக்கினேன். 357 கன அடி வந்தது. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அந்தத் தரைக் கோடு எது என்று நான் கேட்கவில்லை. மனையின் தரையா, ரோட்டின் மட்டமா? டிராயிங்கில் ஜி.எல். என்று இரண்டு எழுத்து போட்டிருந்தது. அதற்கு மேல் விளக்கம் இல்லை. மனையைக் காட்டும் தாளில் ரோடு இருந்தது, அகலம் இருந்தது, மட்டம் இல்லை. நான் மனைக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. போகக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். வெயில் காலம். டிராயிங்கிலிருந்து எடுப்பதுதான் என் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நம் ஊர்களில் ரோடு போடும்போது பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போவது சகஜம். பத்து இருபது வருடத்தில் ரோடு உயர்ந்துவிடும், மனை பள்ளமாகிவிடும். இந்த மனையும் அப்படித்தான். ரோட்டிலிருந்து இரண்டடி பள்ளம். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வரக் கூடாது என்று பேஸ்மட்டத்தை ரோட்டிலிருந்து இரண்டடி உயரத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். வெட்டுத்தோற்றத்தில் இருந்த கோடு ரோட்டு மட்டம். அஸ்திவாரமோ மனைத் தரையிலிருந்து கிளம்புகிறது. ஆக பேஸ்மட்டத்தின் உண்மையான உயரம் நாலடி.

உயரம் என்பது ஒரு வரியோடு நிற்காது. நான் எழுதிய 2 அடுத்தடுத்த வரிகளுக்குள் போயிற்று. உள்ளே மண் நிரப்பும் வரிக்குப் போனேன். பேஸ்மட்டச் சுவர்களுக்கு உள்ளே உள்ள பரப்பு வேண்டும். 14 அடிப் பக்கத்தில் அகலம் 12.875, 16 அடிப் பக்கத்தில் 14.875. இரண்டு பக்கமும் நீளம் 21.75. பெருக்கிக் கூட்டினால் 604 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆழம்? பேஸ்மட்டம் 2 அடி. மேலே தரைக் கான்கிரீட்டுக்கும் டைல்ஸ் படுகைக்கும் அரை அடி விட்டால் ஒன்றரை அடி. 906 கன அடி மண் போதும். தோண்டியதில் 1009 கன அடி சும்மா கிடக்கிறது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பட்டியலின் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'நிரப்புமண் வெளியிலிருந்து வாங்கத் தேவையில்லை. மீதியை வீட்டைச் சுற்றிப் பரப்பலாம்.'

நிஜம் என்ன? நாலடி உயரத்துக்கு மண் நிரப்பினால் அது சுவரை வெளியே தள்ளும். பதிமூன்றரை அங்குலம் போதாது. அதனால் கீழ் இரண்டடியை 18 அங்குல அகலத்தில் கட்டி, மேல் இரண்டடியைப் பதிமூன்றரையில் கட்டினார்கள். சைட் இன்ஜினியர் அப்படித்தான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார். அந்தக் கீழ்ப்பகுதி என் பட்டியலில் இல்லவே இல்லை. அதன் நீளம் 162-ல் நாலரை போக 157.5 அடி. அகலம் ஒன்றரை. உயரம் இரண்டு. 472.5 கன அடி. பேஸ்மட்டத்துக்கு நான் எழுதியதே 357தான். விட்டது எழுதியதைவிடப் பெரிசு. கன அடிக்கு 13 செங்கல் என்று வைத்தாலும் ஆறாயிரம் கல்லைத் தாண்டும்.

மண்ணும் அப்படியே. கீழ் இரண்டடியில் சுவர் தடிமன் கூடுவதால் உள்பரப்பு 567 சதுர அடி. இரண்டடிக்கு 1134 கன அடி. மேலே என் பழைய 906. ஆக 2040. கையில் இருப்பது 1009. பற்றாக்குறை 1031 கன அடி, அதுவும் கெட்டித்த பிறகு அளந்தால். லாரியில் வரும் மண் தளர்ந்து இருக்கும். ஐந்தில் ஒரு பங்காவது கூட வாங்க வேண்டும். யூனிட் நூறு கன அடி என்றால் பன்னிரண்டு பதிமூன்று யூனிட். நான் எழுதியது, வாங்கத் தேவையில்லை.

இனி நான் சொல்லப்போவது எனக்கு எதிரான சாட்சி. அதை என் கையெழுத்தே சொல்கிறது. டிராயிங்கின் தரைப்படத்தில் வாசலில் படிகள் வரைந்திருந்தார்கள். ஏழு படி. அந்தப் படிகளுக்கும் நான் செங்கல் கட்டு எடுத்தேன். ஏழு படி, படிக்கு 7 அங்குல உயரம் என்று எழுதினேன். ஏழேழு நாற்பத்தொன்பது அங்குலம். நாலடிக்கு ஓர் அங்குலம் கூட. அதே தாளில், பத்து வரிக்கு மேலே, பேஸ்மட்டம் இரண்டடி. இரண்டடி உயரம் ஏற ஏழு படி எதற்கு? அப்படியானால் ஒரு படி மூன்றரை அங்குலத்துக்கும் கீழே இருக்க வேண்டும். அப்படி யாரும் படி கட்ட மாட்டார்கள். தரைப்படம் வரைந்தவர் மனையைப் பார்த்திருக்கிறார். வெட்டுத்தோற்றம் போட்டவர் ரோட்டிலிருந்து அளவு கொடுத்திருக்கிறார். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இரண்டும் மோதுவதை நான் பார்க்கவில்லை. வரி வரியாகப் பார்த்தேன், வீடாகப் பார்க்கவில்லை.

அந்த நாளில் என் கவனம் எங்கே இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பூச்சு வேலையில் இருந்தது. ஐ.எஸ். 1200 விதிப்படி ஜன்னல், கதவு திறப்புகளைப் பூச்சில் எப்படிக் கழிப்பது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தேன். அரை சதுர மீட்டருக்குள் இருந்தால் கழிக்கக் கூடாது. அரையிலிருந்து மூன்று சதுர மீட்டர் வரை ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, திறப்பின் ஓரங்களைத் தனியாகக் கூட்ட வேண்டும். மூன்றடிக்கு நாலடி ஜன்னல் சுமார் 1.1 சதுர மீட்டர். ஆகவே ஒரு பக்கம். இதில் ஒரு ஜன்னலைக்கூட நான் தவறவிடவில்லை. அலுவலகத்தில் எல்லோரிடமும் காட்டினேன். சின்ன விதியில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கும் ஆசை. பெரிய அளவு ஒன்றைக் கையால் தொட்டுப் பார்க்கவில்லை.

மேஸ்திரி பேஸ்மட்டம் கட்ட ஆரம்பித்த சில நாளில் போன் செய்தார்.

"சார், கல்லு பத்தல. லிஸ்டுல கொடுத்தது பாதி உயரம் வர்றதுக்குள்ளயே முடிஞ்சு போச்சு. ஒரு தடவை வந்து பாருங்க."

அப்போதுதான் முதல் முறையாக மனைக்குப் போனேன். பார்த்த உடனே புரிந்துவிட்டது. ரோட்டிலிருந்து மனைக்குள் இறங்க வேண்டியிருந்தது. இறங்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. மேஸ்திரி டியூப் லெவல் வைத்து மூலைக் குச்சியில் பேஸ்மட்ட மட்டத்தைச் சுண்ணாம்பால் குறித்திருந்தார். டேப்பை நீட்டினேன். தரையிலிருந்து குறி வரை நாலடி. ஓர் அங்குலம்கூட மிச்சமில்லாமல் நாலடி. டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். 'மேஸ்திரி, நான் ரோட்டு மட்டத்தைத் தரை என்று எடுத்துவிட்டேன், பட்டியலைத் திருத்திக் கொடுக்கிறேன்.' அப்போது எல்லாமே சரிசெய்யக் கூடிய நிலையில் இருந்தது. கான்ட்ராக்ட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் கோபப்பட்டிருப்பார். அலுவலகத்தில் திட்டு விழுந்திருக்கும். வேலை போயிருக்கலாம். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். "என்ன தம்பி, கணக்கு இடிக்குதா?" என்று கேட்டார். மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை போய்விடுமே என்று பயந்தேன். நான் சொன்னது இது: "கணக்குல ஒண்ணும் இல்ல சார். இவங்க கல்லை ஒடைச்சு வேஸ்ட் பண்றாங்க. வந்த லோடெல்லாம் இங்கதான் இறங்குச்சான்னும் பார்த்துக்குங்க."

கடைசி வாக்கியம் யோசித்துச் சொன்னது. வாய் தவறி வந்தது அல்ல. கல் வேறு இடத்துக்குப் போகிறது என்று அவர் நினைக்க வேண்டும் என்றே சொன்னேன். அவர் நினைத்தார். மேஸ்திரியின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. அவர் என்னிடம் வாதாடவில்லை. அளவுத் தாளை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கட்டத் தெரியும், அந்தக் கட்டங்களைப் படிக்கத் தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

மேஸ்திரி வேலையை விட்டுப் போகவில்லை. சூளையில் கடனுக்குக் கல் எடுத்தார். அவர் கையிலிருந்து போனது கல், சிமென்ட், கூலி, மண் எல்லாம் சேர்த்து அன்றைய விலையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அந்த வேலையில் அவருக்கு நிற்க வேண்டிய லாபமே அவ்வளவு இருந்திருக்காது. ஒவ்வொரு லோடு வரும்போதும் வீட்டுக்காரர் வாசலில் நின்று எண்ணினார். சாயங்காலம் கொத்தனார்கள் கிளம்பும்போது பையைப் பார்த்தார். நான் கிளப்பிவிட்ட சந்தேகம் அது.

இழப்பு அதோடும் நிற்கவில்லை. நிரப்புமண்ணை முக்கால் அடி முக்கால் அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மூன்றரை அடிக்கு நாலைந்து அடுக்கு வரும். ஒவ்வொரு அடுக்குக்கும் ஆள் கூலி உண்டு. கையில் பணம் இல்லாத மேஸ்திரி ஹால் பக்கத்தில் மண்ணை ஒரே மூச்சில் கொட்டி, மேலே தண்ணீர் பாய்ச்சி, மட்டம் தட்டிவிட்டார். அது அவர் செய்த தப்பு என்று ஒரு காலத்தில் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் பட்டியலில் அந்த மண்ணே இல்லை. இல்லாத மண்ணை இடிக்க அவருக்கு யார் கூலி கொடுத்தார்கள்?

இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு ஹாலில் தரை இறங்கியது. சமையலறைச் சுவரை ஒட்டி முக்கால் அங்குலம். டைல்ஸைத் தட்டினால் வெற்றுச் சத்தம் வந்தது. பிறகு விரிசல் விட்டது. வீட்டுக்காரர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். மகளின் நிச்சயதார்த்தத்தை அந்த ஹாலில்தான் வைக்க நினைத்தார். வாடகைக்கு மண்டபம் பிடிக்க வேண்டியதாயிற்று. பிறகு ஹால் தரை முழுவதையும் உடைத்து, மண்ணை எடுத்து, அடுக்கடுக்காக இடித்து, திரும்பக் கான்கிரீட் போட்டார்கள். செலவு அவருடைய ஓய்வுப் பணத்திலிருந்து போயிற்று. மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னார். நான் சொன்னதைத்தான் சொன்னார்.

உடைத்த தரையைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். அன்றும் சொல்லவில்லை. மண்ணை அடுக்கடுக்காகப் போடவில்லை என்று விளக்கம் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

பல வருடம் கழித்துச் சொன்னேன். மனசாட்சி உறுத்தி நானாகப் போய்ச் சொல்லவில்லை. வேறொரு வேலையில் எனக்குக் கீழே இருந்த ஒரு பையன் இதே தப்பைச் செய்தான். மனையின் தரைமட்டத்தைக் கேட்காமல் பேஸ்மட்ட உயரம் எடுத்தான். கண்டுபிடித்து எல்லோர் முன்னாலும் கத்தினேன். கத்தி முடித்ததும் அவன் கேட்டான், "உங்களுக்கு எப்படி சார் பார்த்த உடனே தெரிஞ்சுது?" பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரமே பழைய அளவுத் தாளை எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்காரரிடம் போனேன். ஏழு படியையும் இரண்டடியையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "அப்போ அந்த ஆளு எடுக்கலையா?" என்று மட்டும் கேட்டார். எடுக்கவில்லை என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

மேஸ்திரி இப்போது பக்கத்து ஊரில் சின்னச் சின்ன ரிப்பேர் வேலை செய்கிறார். மொத்தக் கான்ட்ராக்ட் எடுப்பதை விட்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்கு டேப்பு வெச்சு அளந்தீங்களே சார், அப்பவே தெரியுமா?" தெரியும் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போதும் குவான்டிட்டி எடுக்கிறேன். மனைக்குப் போகாமல் எடுப்பதில்லை. ரோட்டின் நடுவில் ஒரு புள்ளியைப் பூஜ்யமாக வைத்து, மனையின் நாலு மூலையிலும் நடுவிலும் டியூப் லெவலில் மட்டம் எடுத்து, முதல் தாளில் எழுதிவிடுகிறேன். பேஸ்மட்டம், நிரப்புமண், வெளிப்பூச்சு, படி என்று உயரம் நுழையும் ஒவ்வொரு வரியும் அந்தத் தாளிலிருந்தே வர வேண்டும். படி எண்ணிக்கையைப் படி உயரத்தால் பெருக்கி, பேஸ்மட்ட உயரத்தோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்துப் போடுகிறேன். இதற்கெல்லாம் அரை நாள் ஆகிறது. அந்த அரை நாளை அன்று நான் செலவழிக்கவில்லை.

மேஸ்திரியிடம் பணம் கொண்டுபோனேன். முதல் தடவை வாங்கவில்லை. அடுத்த தடவை அவருடைய மனைவி பாதியை வாங்கிக்கொண்டார். மீதியை இன்னும் கொடுத்து முடிக்கவில்லை. வீட்டுக்காரர் தெருவில் சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெருவில் அதன் பிறகு இரண்டு வீடு எழும்பிவிட்டது. இரண்டுக்கும் மேஸ்திரியை யாரும் கூப்பிடவில்லை.